மகள் பார்த்து அம்மாவுக்கு அனுப்பும் கேப்ஷன்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதிக் கொடுப்பது என் தொழில். கடைக்காரர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "காலேஜ் பசங்க பேசுற மாதிரி இருக்கணும்." நியாயமான ஆசை. பேச்சுத் தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதுவதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. எந்த இடத்தில் கலக்கிறோம் என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் புடவையை யாரும் தனியாக எடுப்பதில்லை. மகள் போனில் பார்க்கிறாள். பிடித்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள். அங்கே அம்மா, பெரியம்மா, அத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் தை, மாசி முகூர்த்தத்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பவர் அப்பா. ஆக, இருபது வயதுக்காரிக்கு என்று எழுதிய கேப்ஷனை அறுபது வயதுக்காரர் படித்துத்தான் வியாபாரம் முடிகிறது. இன்ஸ்டாவில் மேலே இருக்கும் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும், மீதி மடங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் போவதும் அந்த ஓரிரு வரிகள்தான்.

போன முகூர்த்த சீசனில் ஒரு கடை போட்ட கேப்ஷனைப் பாருங்கள். முழுக்க ஆங்கில எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தில் மாற்றித் தருகிறேன்:

"ஹே கேர்ள்ஸ்! இந்த வெட்டிங் சீசன்ல உங்க லுக் வேற லெவல்! நியூ அரைவல் பேஸ்டல் சாஃப்ட் சில்க் வித் கான்ட்ராஸ்ட் பல்லு. அப் டு 30% ஆஃப். பிரைஸுக்கு டிஎம் பண்ணு."

முதல் சிக்கல் எழுத்து. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் பட்டும் பாட்டும் ஒரே மாதிரி வந்துவிடலாம். இளசுகள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், தினமும் அப்படித்தான் டைப் செய்கிறார்கள். தினத்தந்தி படித்துப் பழகிய கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்கும். மாறாக, இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால் இரண்டு பக்கமும் படித்துவிடுவார்கள். ஆஃபர், கலர், டிசைன், பார்டர், பில் எல்லாம் கடைக்குள் எழுபது வயது ஆச்சியும் சொல்லும் சொற்கள். அதனால் சொல் எந்த மொழி என்று நான் பார்ப்பதில்லை, கவுண்டரில் அந்தச் சொல் புழங்குகிறதா என்று பார்க்கிறேன். ஆங்கில எழுத்து ஹேஷ்டேகில் இருக்கட்டும். அது தேடுகிறவர்களுக்கு.

இரண்டாவது, பணம் பேசும் இடம். இங்கேதான் கோபம் வருகிறது எனக்கு. "அப் டு 30%" என்றால் பெரியவர் கண்ணுக்கு 30 மட்டும்தான் தெரியும். எல்லாப் புடவைக்கும் 30 சதவீதம் என்று நம்பி, வலங்கைமானிலிருந்து பஸ் ஏறி வந்து, பில் போடும் இடத்தில் தகராறு ஆகும். "30% வரை" என்று எழுதினால் 'வரை' எண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும், தப்பாது. "சில புடவைகளுக்கு 30% வரை" என்றால் இன்னும் நல்லது. "ஃப்ளாட் 20" என்றால் எல்லாவற்றுக்கும் 20 என்று அர்த்தம், அப்படியே எழுதிவிடலாமே. "பை டூ கெட் ஒன்" வேண்டாம், "ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்" போதும். விலை, தேதி, நிபந்தனை மூன்றிலும் இங்கிலீஷும் வேண்டாம், இளசுகளின் பேச்சும் வேண்டாம். "டிஎம் பண்ணு" என்பதைப் பெரியவர்கள் எந்தப் பட்டனில் செய்வார்கள்? விலையைப் போடுங்கள், போன் நம்பரைப் போடுங்கள்.

மூன்றாவது, சரக்கின் பெயர். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் அசல் பட்டும் வருகிறது, கலப்புப் புடவையும் வருகிறது. திருபுவனம் பட்டைக் கட்டிப் பழகிய வீட்டில் சில்க் என்றால் பட்டுதான். கலப்பு என்றால் கலப்பு என்று தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். அசல் பட்டு என்றால், சில்க் மார்க் முத்திரை இருந்தால், அதையும் எழுதலாம். இதை இங்கிலீஷில் மறைத்து எழுதச் சொல்லும் கடைக்கு நான் எழுதுவதில்லை.

கலர் பெயரில்தான் கலப்பது நிஜமாகவே அழகாக வரும். பீச், லாவண்டர், மின்ட் என்றால் இளசுகளுக்கு உடனே தெரியும். பெரியவர்களுக்கோ வெங்காயக் கலர், கத்திரிப்பூ, கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு என்று சொன்னால் புடவையே கண்முன் வந்துவிடும். "லாவண்டர், நம்ம கத்திரிப்பூ கலர்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவருக்கும் குழப்பமில்லை. பல்லு என்பதை மட்டும் மாற்றிவிடுவேன். முந்தானை என்றால் சின்னப் பெண்களுக்கும் தெரியும்.

அந்தக் கேப்ஷனை நான் எழுதியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்:

"முகூர்த்தத்துக்கு லைட் கலர் தேடுறீங்களா? சாஃப்ட் சில்க் புது டிசைன் வந்தாச்சு!
விலை ரூ. 2,400 முதல். சில புடவைகளுக்கு 30% வரை தள்ளுபடி, தை 30 வரைக்கும்.
லாவண்டர், நம்ம கத்திரிப்பூ கலர். முந்தானை அரக்குல, செம மேட்ச்.
பட்டும் செயற்கை நூலும் கலந்தது.
போன் பண்ணுங்க, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புறோம்."

பேச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தேடுறீங்களா, வந்தாச்சு, பண்ணுங்க, அனுப்புறோம். எல்லாம் குட்டி வினைகள், பார்த்ததும் படித்துவிடலாம். "வாங்கிக்கிட்டிருக்கீங்களா" மாதிரி நீளமான பேச்சு வடிவத்தை எழுத்தில் போட்டால், காதில் இனிப்பாக இருப்பது கண்ணுக்குச் சுமையாகிவிடும். அந்த இடத்தில் எழுத்துத் தமிழே லேசு. அப்புறம் 'ங்க' விடக்கூடாது. "வா, பாரு, டிஎம் பண்ணு" என்பது இளசுகளுக்கு நட்பாகத் தோன்றலாம், ஆனால் அதே ஸ்கிரீன்ஷாட்டை அப்பா படிக்கும்போது கடை அவரை ஒருமையில் கூப்பிடுகிறது. எங்கள் ஊரில் கடை வாசலில் நிற்கும் பையன்கூட அப்படிக் கூப்பிட மாட்டான்.

'வேற லெவல்', 'செம' எல்லாம் கெட்ட சொற்கள் இல்லை. ஒரு பதிவுக்கு ஒன்று போதும், அதுவும் ரசனை பேசும் வரியில். கடைப் பெண்கள் அன்றாடம் பேசுவதைக் கேட்டு அதிலிருந்து எடுத்தால் பொய்யாகத் தெரியாது. முழுக்க இளமையாக எழுத ஆசையா, ரீல்ஸில் பேசும் குரலுக்கு அதை விடுங்கள். அங்கே முகமும் தொனியும் சேர்ந்து புரியவைக்கும்.

பதிவேற்றும் முன் நான் செய்வது ஒன்றே ஒன்று. கேப்ஷனைப் போனில் அத்தைக்குப் படித்துக் காட்டுவேன். "என்னது?" என்று அவர் திருப்பிக் கேட்ட சொல் மாறும். பிறகு கல்லூரியில் படிக்கும் அத்தை மகளிடம் காட்டுவேன். "பெரியவங்க எழுதினது மாதிரி இருக்கு" என்றால் முதல் வரி மாறும், விலை வரியைத் தொடமாட்டேன். பதிவு போட்ட பிறகு கமெண்டைப் பார்க்க வேண்டும். விலை எழுதியிருந்தும் "விலை என்ன?" என்றே கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வரி கீழே மடங்கிய பகுதியில் மாட்டியிருக்கிறது. மேலே ஏற்றுங்கள். "எல்லாப் புடவைக்கும் தள்ளுபடியா?" என்று போன் வந்தால், அன்றே பதிவைத் திருத்திவிடுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடையில் யாருக்கும் நேரம் இருக்காது.