உங்கள் நம்பருக்குப் பெயர் வைப்பது யார்?

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் பெயர் காட்டும் ஆப், பாலக்கோட்டில் என் மொபைல் கடைக்கு வருகிறவர்களில் பலருடைய போனில் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஆதார்ல இருந்து எடுக்கறாங்க" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் "சிம் கம்பெனிக்காரன் கொடுப்பான்" என்பார். இரண்டுமே கிடையாது. பெரும்பாலும் அந்தப் பெயர் இன்னொருவர் போனில் உங்களை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறாரோ, அதுதான்.

பென்னாகரம் பக்கத்து அக்கா ஒருவரின் கதையைச் சொன்னால் இது புரியும். பெயரை மாற்றி செல்வி அக்கா என்றே வைத்துக்கொள்வோம். தையல் வேலை செய்கிறார். ஜூன் மாதத்துக்கு முன்னால் யூனிபார்ம் ஆர்டர் பிடிக்க ஒரு தனியார் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்த கிளார்க் பேச்சின் நடுவில், "ஏம்மா, குழு லோன் பாக்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ போனை ஹேக் செய்துவிட்டார்கள் என்று நினைத்து நேரே என் கடைக்கு வந்தார்.

அந்த மாதிரி ஆப் இருக்கும் போன் ஒன்றில் அவர் நம்பரைத் தேடினோம். திரையில் வந்த பெயர் இது: Selvi Tailor Grp Due Pngrm. எந்த ஆப் என்று எழுதப் போவதில்லை, இந்த வகையில் நிறைய இருக்கின்றன. அக்காவின் போனில் அது கிடையவே கிடையாது. ஹேக்கும் இல்லை, வைரஸும் இல்லை.

அந்தப் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆதாரில் யாரும் "டெய்லர்" என்று எழுதுவதில்லை. தொழில், ஊர், உறவு, பாக்கி என்று பெயரோடு வால் ஒட்டியிருந்தால், அது யாரோ ஒருவர் தன் வசதிக்காகத் தன் போனில் தட்டியது என்று அர்த்தம். பென்னாகரத்தை Pngrm என்று எல்லாரும் சுருக்க மாட்டார்கள். அக்கா யோசித்துவிட்டு, "வாரா வாரம் வசூலுக்கு வர்ற பைனான்ஸ் தம்பியா இருக்குமோ?" என்றார். அடுத்த முறை அவன் வந்தபோது போனைக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். அதற்குக் கீழே இன்னும் பல செல்விகள், பல லட்சுமிகள், ஒவ்வொன்றிலும் ஊர்ச் சுருக்கம், சிலவற்றில் Due. அவன் மீது பெரிய தப்பு சொல்ல முடியாது. இத்தனை செல்விகளில் எந்த செல்வி என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

அந்தத் தம்பி போனில் அந்த ஆப் இருந்தது. பிளே ஸ்டோரில் இறக்காமல், யாரோ நண்பன் அனுப்பிய ஏபிகே கோப்பிலிருந்து போட்டிருக்கிறான். போடும்போது "உங்கள் காண்டாக்ட்டுகளைப் பார்க்க அனுமதிக்கவா" என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அலவ் தட்டியிருப்பான், நாம் எல்லோரும் தட்டுவதுபோல. அந்த ஒரு தட்டில் அவன் பட்டியலில் இருந்த அத்தனை பேரின் பெயரும் நம்பரும் வெளியே போக வழி திறந்துவிட்டது. அனுமதி கொடுத்தவன் ஒருவன், விவரம் போனது மற்றவர்களுடையது. என் கோபம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான். செல்வி அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அவர் அந்த ஆப்பின் வாடிக்கையாளரே இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆப்பும் எல்லார் பட்டியலையும் அப்படியே அள்ளிக்கொண்டு போகிறது என்று சொல்ல முடியாது. இந்த வகையில் நம் நாட்டில் அதிகம் தெரிந்த பெயர் ட்ரூகாலர். சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 2009-இல் தொடங்கிய நிறுவனம், இன்று அதைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஸ்டோரிலும் இறக்கிய தங்கள் ஆப், போன்புக்கை எடுத்துப் பொதுத் தேடலுக்கு வைப்பதில்லை என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஒருவருடைய காண்டாக்ட்டுகளை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்று கூகுளும் தன் ஸ்டோரில் உள்ள ஆப்களுக்கு விதி வைத்திருக்கிறது. ஆனால் ஸ்டோருக்கு வெளியே, ஏபிகேயாகக் கைமாறி வரும் ஆப்களுக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்? அப்புறம், போன்புக்கே போகாவிட்டாலும் வேறு வழி இருக்கிறது. பேசி முடித்ததும் "இவர் பெயர் என்ன? சரியா?" என்று ஆப் கேட்கும். நாமே உட்கார்ந்து தட்டிக் கொடுப்போம். ஸ்பேம் என்று குறிப்பதும் அப்படித்தான் சேர்கிறது.

ஒரு நம்பருக்கு நூறு பேர் பெயர் கொடுத்திருந்தால் பரவாயில்லை, பலரும் சொல்லும் பெயர் மேலே வந்துவிட வாய்ப்பு உண்டு. நம் ஊர்ப் பக்கம் பெண்கள் பலரின் நம்பர் நாலைந்து பேருக்கு மேல் யாருக்கும் தெரியாது. அதில் ஆப் வைத்திருப்பவன் வசூல்காரன் ஒருவன் என்றால், அவன் வைத்ததுதான் பெயர். ஊருக்கெல்லாம் தெரிந்த ஆளைவிட, நம்பரைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

சரி, எப்படிச் சரிசெய்தோம்? முதலில் அந்தத் தம்பி தன் போனில் பெயரை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது, பெயரின் நகல் ஏற்கெனவே சர்வரில் இருக்கிறதே. போனில் காண்டாக்ட் அனுமதியை அணைத்தாலும் இதே கதைதான், இனிமேல் போவது நிற்கும், போனது திரும்பாது. ஆக, ஆப்பின் இணையதளத்துக்குப் போய் நம்பரையே நீக்கச் சொல்ல வேண்டும். ட்ரூகாலருக்கு அந்தப் பக்கம் truecaller.com/unlisting. முன்னால் +91 சேர்த்து நம்பரைக் கொடுக்க வேண்டும். அதில் உங்களுக்குக் கணக்கு இருந்தால் முதலில் கணக்கை மூட வேண்டும், பிறகுதான் நீக்க முடியும். மற்ற ஆப்கள் பலவற்றிலும் தேடினால் இப்படி ஒரு மூலை கிடைக்கும். அக்காவின் நம்பருக்கு அந்தந்த இடத்தில் விண்ணப்பம் போட்டோம். பிறகு தேடியபோது பெயர் வரவில்லை. ஆனால் அந்தப் பள்ளி கிளார்க்கின் அழைப்புப் பட்டியலில் பழைய பெயர் அப்படியேதான் இருந்தது.

இன்னொரு வழியும் உண்டு. நாமே ஆப்பில் பதிந்து நம் பெயரை வைத்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், யாரோ கெடுத்த பெயரைச் சரிசெய்ய அதே ஆப்புக்கு நாமும் ஆள் சேர வேண்டுமாம். நல்ல வியாபாரம்.

நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. மோசடிக்காரனும் வைத்துக்கொள்ளலாமே. திரையில் பேங்க் மேனேஜர் என்று வந்ததும் நம்பி ஓடிபி சொன்னவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த எழுத்தை யார் தட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய நம்பர் விஷயமும் அப்படியே. ஒரு நம்பர் நின்றுபோனால் 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். புது சிம் வாங்கிய பிள்ளைக்கு, பழைய ஆளின் பெயரும் ஸ்பேம் பட்டமும் சேர்ந்தே வந்துவிடும். புது நம்பர் வாங்கினால், ஆப் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

"அதான் அரசாங்கமே பெயர் காட்டப்போகுதே" என்பார்கள். ஆமாம், சிஎன்ஏபி என்ற அந்த ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அதில் வருவது சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயர். யாரோ தட்டிய பெயரைவிட அது எவ்வளவோ தேவலாம் என்பதுதான் என் கருத்து. Due என்ற வால் அதில் வராது. ஆனால் எங்கள் பக்கம் சிம் யார் பெயரில் இருக்கிறது? வீட்டுக்காரர் பெயரில், அண்ணன் பெயரில், கல்லூரியில் படிக்கும் மகன் பெயரில். செல்வி அக்கா போன் போட்டால் அவர் வீட்டுக்காரர் பெயர்தான் வரும். பெயர் சரியாக வர வேண்டும் என்றால் சிம்மை அவரவர் பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் விவரம் வைத்திருப்பதைத் தொடுவதில்லை. நாம் போனில் நம்பர் சேமிப்பதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். ஆனால் வசூல் வேலைக்காகச் சேமிப்பது வீட்டு உபயோகமா? என்னைக் கேட்டால் இல்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. குழுக்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகளில், வசூலில் செய்யக் கூடாத கடுமையான முறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மிரட்டுவது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடுவது, இவற்றோடு கடன் வாங்கியவர் பெயரை வெளியிடுவதும் அதில் உண்டு. அக்காவுக்கு நடந்தது அதுவேதான். வெளியிட வேண்டும் என்று யாரும் நினைக்காமலே வெளியாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனைக்கும் அந்தப் பாக்கியை அவர் எப்போதோ கட்டி முடித்துவிட்டார்.

அதனால் நான் கேட்பது அந்தக் கம்பெனிகளைத்தான். வசூலுக்குப் போகிறவர்களுக்குத் தனி போன் கொடுங்கள், அதில் கண்ட ஆப்பையும் ஏற்ற விடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் Due என்று எழுதுவதற்குப் பதில் கடன் கணக்கின் கடைசி 4 எண்ணை எழுதினால் வேலை நடக்காதா? அந்தத் தம்பி கடைக்கு வந்தபோது அவனிடமே கேட்டேன். "நடக்கும்ணா. ஆனா சந்துல வண்டிய நிறுத்திட்டு போனைப் பார்த்தா, எந்த வீட்டுல பாக்கின்னு அப்பவே தெரியணும்ல? மேனேஜர் சாயங்காலம் கேப்பாரு" என்றான்.