வட்டியை ஏற்றினதும் விலை அடங்கினதாம், அதனால காரணமும் சனத்தின் கேள்வி கூடினதுதானாம்!

இலங்கையின் 2022 விலையேற்றம் பற்றிய அந்த விவாதத்தின் துண்டை எல்லாரும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். "2022 இல் சனத்தின் கையில் காசு கூடினதாலதான் விலை ஏறியது. வட்டியை ஏற்றினதும் பணவீக்கம் இறங்கியதே சாட்சி" என்கிறார் அந்தப் பொருளியல் அறிஞர். கைதட்டல் வேறு.

ஐயா, வட்டியை ஏற்றினால், நாடு முழுக்க வாங்க முனையும் அளவைக் காட்டும் மொத்தக் கேள்விக் கோடு இடப்பக்கம் நகரும், அதாவது கேள்வி குறையும். விலையை ஏற்றியது கேள்வி கூடினதோ, நிரம்பல், அதாவது சந்தைக்கு வரும் பொருளின் அளவு, குறைந்ததோ, எதுவானாலும் அது விலையை அமுக்கத்தான் செய்யும். பரசிட்டமோலுக்குக் காய்ச்சல் இறங்கினால் அது மலேரியாவா டெங்கா என்று தெரிந்துவிடுமா?

காரணம் தெரிய வேண்டுமென்றால் உற்பத்தியைப் பாருங்கள். கேள்வி கூடினால் விலையும் உற்பத்தியும் சேர்ந்து ஏறும். நிரம்பல் கோடு இடப்பக்கம் போனால் விலை ஏறும், உற்பத்தி விழும். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதே வருடம் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. காசு புரண்ட நாட்டிலா உற்பத்தி இப்படி விழும்?

"வட்டியை ஏற்றினதாலதான் உற்பத்தி விழுந்தது" என்று ஒருவர் வருவார். நியாயமான ஐயம், ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் மத்திய வங்கி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது ஏப்ரலில். அதற்கு முந்திய முதல் காலாண்டிலேயே உற்பத்தி சுருங்கிவிட்டது. 2021 இன் உரத்தடை வயலில் விளைச்சலைக் குறைத்திருந்தது. டொலர் இல்லாமல் டீசல் இல்லை, டீசல் இல்லாமல் மின்சாரம் இல்லை. மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைக்காமல் மிதக்க விட்டதும் 200 அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதி மூலப்பொருள் எல்லாம் அந்த விலைக்குப் போனது. உற்பத்திச் செலவு ஏறினால் நகர்வது நிரம்பல் கோடு, நிரம்பல் கோடு!

"அப்ப காசு அச்சடிச்சது?" அச்சடித்தார்கள்தான். 2019 முடிவில் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8க்குக் குறைத்தார்கள், பற்றாக்குறைக்கு அச்சடித்தார்கள். கேள்விக் கோடும் வலப்பக்கம் தள்ளப்பட்டுத்தான் இருந்தது. டொலர் தீர்ந்ததிலும் அதற்குப் பங்குண்டு. நான் மறுப்பது அதை அல்ல, "அது மட்டும்தான்" என்பதை.

இந்த வித்தியாசம் ஏன் உறுத்துகிறதென்றால், கேள்வியால் வந்த விலையேற்றத்தை வட்டியால் அடக்கும்போது மிகையாய்ப் போன உற்பத்தி பழைய மட்டத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். நிரம்பல் அதிர்ச்சிக்குப் பிறகு அதே மருந்தைக் கொடுத்தால் ஏற்கெனவே விழுந்த உற்பத்தி இன்னும் விழும். 2022 இல் வேறு வழியிருக்கவில்லை, விட்டிருந்தால் எல்லாரும் இன்னும் ஏறும் என்று நம்பிக் கூலியும் விலையும் ஒன்றையொன்று துரத்தியிருக்கும். ஆனால் அந்த விலையைக் கொடுத்தது வேலை போனவனும் கடையைப் பூட்டினவனும். அவர்களைப் பார்த்து "கையில் காசு கூடிப்போச்சு" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

இன்னொன்று. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம் என்றதும் "அப்ப பாண் விலை ஏன் பழைய விலைக்கு வரவில்லை, பொய்க்கணக்கு" என்றும் பின்னூட்டம். இந்தக் கேள்வி, நிரம்பல் கோடுகளை வரையும் படத்தின் நிலைக்குத்து அச்சில் இருப்பது விலைமட்டம், பணவீக்கம் அல்ல. ஏறின மட்டத்தில் நின்றபடி 1.3 சதவீதம் மேலே போயிருக்கிறோம். பழைய விலை திரும்ப வேண்டுமென்றால் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே நெடுங்காலம் கிடக்க வேண்டும்.