நாலாம் பக்கத்தோடு நின்றுபோகும் வாட்டர்மார்க்

வேர்டில் வாட்டர்மார்க் போட்டால் அது பக்கத்தில் உட்காருவதில்லை, ஹெடரில் உட்காருகிறது. இதை அந்த மெனு ஓரிடத்திலாவது சொல்லக் கூடாதா? எத்தனை பேர் இதனால் மணிக்கணக்கில் அல்லாடுகிறார்கள்!

12 பக்க அறிக்கை, மூன்று செக்‌ஷன். 5-ஆம் பக்கத்தில் தொடங்கும் இரண்டாவதற்கு ஹெடரில் வரும் தலைப்பு வேறு என்பதால், முந்தைய செக்‌ஷனின் ஹெடரோடு இணைக்கும் `Link to Previous` அணைக்கப்பட்டிருக்கிறது. முதல் செக்‌ஷனின் ஹெடரில் மட்டும் உட்கார்ந்த வாட்டர்மார்க் 4-ஆம் பக்கத்தோடு நின்றுவிடும். மூன்றாவது செக்‌ஷன் இரண்டாவதோடு இணைந்திருப்பதால் அங்கும் வெறுமைதான்.

உடனே இணைப்பை மீண்டும் போட்டுவிடாதீர்கள், 5-ஆம் பக்கத் தலைப்பு அழிந்து முந்தைய செக்‌ஷனுடையது வந்துவிடும். முதல் பக்க ஹெடரை இருமுறை கிளிக் செய்து திறந்து, வாட்டர்மார்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+C. பிறகு 5-ஆம் பக்க ஹெடருக்குள் கர்சரை வைத்து Ctrl+V. இணைப்பு வழியாக மூன்றாவது செக்‌ஷனுக்கும் அது போய்ச் சேரும்.

அப்போதும் 7-ஆம் பக்கம் மட்டும் காலியாக இருந்தால்? மூன்றாவது செக்‌ஷன் அங்கே தொடங்குகிறது, அதில் `Different First Page` டிக் ஆகியிருக்கிறது. முதல் பக்க ஹெடர் தனி ஹெடர். அது `Same as Previous` என்று காட்டினாலும், இணைந்திருப்பது முந்தைய செக்‌ஷனின் முதல் பக்க ஹெடரோடுதான். அங்கே அது பயன்பாட்டிலேயே இல்லை, அதனால் காலி. அதற்குள்ளும் ஒருமுறை ஒட்ட வேண்டும். ஒற்றை, இரட்டைப் பக்கங்களுக்குத் தனி ஹெடர் வைத்திருந்தால் இரட்டைப் பக்கத்துக்கும் இதே பாடுதான்.