பெயர் போட்டால் போதாது, நீக்கிவிடுங்கள் என்று கேட்டேன்

சென்ற வியாழன் இரவு, எனக்கு முன்பின் தெரியாத ஒரு முகநூல் பக்கத்தில் நான் எடுத்த படத்தைப் பார்த்தேன். கூந்தன்குளத்தில் ஒரு வீட்டு முற்றத்து மரம், அதன் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று தன் குஞ்சுகள்மேல் வெயில் படாமல் சிறகை விரித்து நிற்கிறது. கீழே, திண்ணையில் அந்த வீட்டுப் பாட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார். மே மாத மதியம், இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்த படம். வலது கீழ் மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டிருந்தார்கள். கூடவே வெட்டுப்பட்டது பாட்டியின் கால்.

என் பதிவிலிருந்து மூன்று பத்திகளை அப்படியே எடுத்திருந்தார்கள். நான்காவதாக ஒரு பத்தியைத் தாங்களே சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் கைவிட்டதால் பறவைகளையே பிள்ளைகளாக வளர்க்கும் தாய் என்று அதில் இருந்தது. அந்தப் பாட்டியின் மகன் அதே வீட்டில்தான் இருக்கிறார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தவரே அவர்தான். பதிவின் கடைசியில் "நன்றி: இணையம்".

அந்த இரண்டு சொற்கள்மீது எனக்கு இருக்கும் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையம் கூந்தன்குளத்துக்கு பஸ் ஏறிப் போகவில்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுத்த படமாக இல்லாதவரை, எடுத்தவருக்கே அதன் உரிமை. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எழுதிய வாக்கியங்களுக்கும் அப்படியே. ஆனால் நாரைகள் அங்கே கூடு கட்டுகின்றன என்ற தகவல் எனக்குச் சொந்தமல்ல. அதைத் தன் சொற்களில் யார் எழுதினாலும் நான் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டேன். "நன்றி: இணையம்" என்பது அனுமதியும் ஆகாது, பெயர் குறிப்பிட்டதும் ஆகாது.

ஆத்திரத்தில் முதலில் தட்டச்சு செய்த பின்னூட்டம் "திருட்டுப் பதிவு" என்றுதான் தொடங்கியது. அனுப்பவில்லை. அந்தப் பக்கத்தை நடத்துபவர்தான் என் பெயரை வெட்டினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படமாக இருக்கலாம். அவர் செய்யாத ஒன்றை அவர்மேல் சுமத்திவிட்டால், பிறகு பேச்சு முழுவதும் அந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடும். படம் அப்படியே இருக்கும்.

முதலில் உள்பெட்டியில் எழுதினேன். அறிமுகமில்லாதவர் எழுதும் செய்தி அங்கே கவனிக்கப்படாமல் கிடக்கலாம். பலர் அதைத் திறப்பதே இல்லை. ஒரு நாள் காத்திருந்துவிட்டுத்தான் பின்னூட்டத்துக்கு வந்தேன். அதற்குமுன் பதிவின் நேரக்குறிப்பைத் தொட்டு அதன் தனி முகவரியை எடுத்துக்கொண்டேன். பக்கத்தின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். இதைப் பின்னூட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும், பிறகு பதிவு திருத்தப்பட்டுவிடலாம். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பையும், வெட்டப்படாத முழுப் படத்தையும் எடுத்து வைத்தேன். படம் முகநூலில் ஏறும்போது கோப்புக்குள் இருக்கும் கேமரா விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆகவே பரவியிருக்கும் படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. மூலக்கோப்புதான் சாட்சி.

பெயர் சேர்க்கக் கேட்பதா, நீக்கக் கேட்பதா என்பதில்தான் அதிக நேரம் யோசித்தேன். வெறும் பறவைப் படமாக இருந்தால் பெயரோடு நிறுத்தியிருப்பேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. முகநூலில் ஒரு பதிவைத் திருத்தினால், அதைப் பகிர்ந்தவர்கள் பக்கத்திலும் திருத்தம் தெரியும், நம் பெயரும் கூடவே போய்ச் சேரும். ஆனால் இங்கே பாட்டி இருக்கிறார். "உன் பதிவில் போட்டுக்கொள்" என்று என்னிடம் சொன்னவர் அவர். அவருடைய பிள்ளைகளைக் கெட்டவர்களாக்கும் கதைக்கு அவர் முகத்தைத் தரவில்லை. அந்தப் பொய்க்கு அடியில் என் பெயர் வருவதும் எனக்கு வேண்டாம். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் "பெயராவது போடுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள்" என்று எழுதினால், எதிரில் இருப்பவர் தனக்கு எளிதானதைத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் இட்ட பின்னூட்டம் இது:

"வணக்கம். இந்தப் படத்தைக் கூந்தன்குளத்தில் எடுத்தது நான். படமும் முதல் மூன்று பத்திகளும் என் பக்கத்தில் முன்பே வெளியானவை. சுட்டியை உங்கள் உள்பெட்டியில் வைத்திருக்கிறேன். இது உங்களுக்கு வேறு யார் மூலமாகவோ வந்திருக்கலாம். படத்தில் இருக்கும் அம்மா என் பதிவுக்கு மட்டுமே சம்மதம் தந்தார். நான்காவது பத்தியில் உள்ள குடும்பச் செய்தி உண்மையல்ல. ஆகவே பெயர் சேர்த்தால் போதாது. பதிவை முழுவதுமாக நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு மாலைக்குள் செய்தால் மிகவும் நன்றி."

சட்டப் பிரிவு எதையும் எழுதவில்லை. சுட்டியை உள்பெட்டியில் வைத்ததற்குக் காரணம், சுட்டி உள்ள பின்னூட்டத்தைச் சில பக்கங்களின் வடிகட்டி தானாகவே மறைத்துவிடும். நாள் குறித்தது மிரட்டுவதற்காக அல்ல. நாள் இல்லாத வேண்டுகோளை எப்போது பார்த்தாலும் நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்றே தோன்றும்.

இரண்டு மணி நேரத்தில் என் நண்பர்கள் ஆறேழு பேர் அங்கே வந்துவிட்டார்கள். அன்பினால் வந்தவர்கள்தான். ஆனால் "வெட்கமில்லையா" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அந்த நிர்வாகியின் ஊரை இழுத்துப் பேசினார். சிறிது நேரத்தில் நிர்வாகி, "முகநூலில் போட்டால் எல்லோருக்கும் பொது" என்று பதில் எழுதினார். அதன்பின் என் பின்னூட்டத்துக்கு ஒரு விருப்பக்குறிகூட வரவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தை நடத்துபவர் ஒரு பின்னூட்டத்தை அழிக்காமல் மறைத்து வைக்க முடியும். அப்படிச் செய்தால், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது வழக்கம்போலவே தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. என் முகநூல் நட்பில் இல்லாத அக்காவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "உன் பெயரே இங்கே இல்லையே" என்றார். ஆறேழு பேர் திட்டியதன் பயன் இதுதான்: என் வேண்டுகோள் யார் கண்ணுக்கும் படாமல் போயிற்று.

நண்பர்களிடம் அவர்களுடைய பின்னூட்டங்களை நீக்கச் சொன்னேன். ஒருவரைத் தவிர எல்லோரும் நீக்கினார்கள். அதன்பின் நிர்வாகிக்கு உள்பெட்டியில் இரண்டே வரி எழுதினேன்: "அவர்கள் பேசியதற்கு வருந்துகிறேன். என் வேண்டுகோள் மட்டும் அப்படியே இருக்கிறது." முழுப் படத்தையும், பாட்டியின் கால் தெரியும் அந்தப் படத்தை, கூடவே வைத்தேன்.

ஞாயிறு தாண்டினால் முகநூலின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புவது என்று முடிவு செய்திருந்தேன். அதில் நாம் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும் என்பதை அறிந்தே செய்ய வேண்டும். உரிமை தன்னுடையது என்று உறுதிமொழியும் தர வேண்டியிருக்கும். அதற்குத் தேவை வரவில்லை. சனிக்கிழமை இரவு பதிவு போய்விட்டது. "குடும்பக் குழுவில் வந்தது, அந்த அம்மா உண்மையில் இருக்கிறார் என்று நினைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். நான்காவது பத்தியும் அப்படியே வந்ததாம். நான் அதை நம்புகிறேன்.

பதிவு நீங்கியதும் அதை முகநூலில் பகிர்ந்தவர்கள் பக்கத்திலும் படம் மறைந்துவிட்டது. தரவிறக்கித் தனியாக ஏற்றியவர்கள் பக்கத்தில் அது மறையாது. அப்படி இரண்டு பக்கங்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டிலும் இன்று காலை அதே பின்னூட்டத்தை, கெடுநாளை மட்டும் புதன் என்று மாற்றி இட்டிருக்கிறேன். அவை எந்தப் பக்கங்கள் என்று என்னிடம் கேட்க வேண்டாம். தெரிந்தவர்களும் அங்கே போய் எதுவும் எழுத வேண்டாம்.