நெதர்லாந்துக்கு விளம்பரம், விசாரணை உள்ளூரிலிருந்து

"நெதர்லாந்துக்கு மட்டும்தான் கூகுள் விளம்பரம் போட்டோம். கோகோபீட் கேட்டு வருவதெல்லாம் இந்திய நம்பர்கள், ஏன்?"

லொகேஷன் அமைப்பைத் திறந்து பாருங்கள். தானாகவே `Presence or interest` என்றுதான் இருக்கும். அப்படி விட்டால், நெதர்லாந்து ஏற்றுமதி பற்றித் தேடும் பொள்ளாச்சிக்காரருக்கும் உங்கள் விளம்பரம் தெரியும். அவர் கிளிக் செய்தால் காசு உங்களுடையது. `Presence` என்று மாற்றுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை `Search terms` அறிக்கையைப் பாருங்கள். வேலைவாய்ப்பு, தயாரிப்பு முறை, வீட்டுத்தோட்டம் பற்றிய தேடல்களை நெகட்டிவ் கீவேர்டில் சேருங்கள். `price` என்ற சொல்லை மட்டும் தடுக்காதீர்கள்; உண்மையான மொத்த வியாபாரியும் விலை போட்டுத்தான் தேடுவார்.

மிச்சக் கோளாறு, விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் வந்து இறங்கும் பக்கத்தில். "சிறந்த தரம்" என்று எழுதினால் பசுமைக்குடில்காரருக்கு ஒன்றும் புரியாது. உப்பு ஏறினால் நாற்று கருகும் என்பதால் அவர் முதலில் தேடுவது உப்பின் அளவைக் காட்டும் இ.சி. எண். 5 கிலோ கட்டி, கழுவியது, இ.சி. 0.5 mS/cm-க்குக் கீழ், எந்த முறையில் அளந்தது, 40 அடி கன்டெய்னரில் எத்தனை கட்டி என்று போடுங்கள். விசாரணைப் படிவத்தில் இறங்குதுறை, அளவு இரண்டையும் கட்டாயமாக்குங்கள். விசாரணை குறையும், பரவாயில்லை. சாம்பிள் மட்டும் கேட்டுத் திரிபவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.