ஃபில்டர் போடக் கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம்!

பணம் ஏன் வரவில்லை என்று கிளையன்டின் கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டால், "மெயில் அனுப்பிட்டோமே சார், பார்க்கலையா?" என்கிறார்கள். அனுப்பியிருக்கிறார்கள்தான். noreply என்று தொடங்கும் முகவரியிலிருந்து, "இன்வாய்ஸில் பான் எண் தெளிவாக இல்லை, திருத்தி அனுப்பவும்" என்று ஒற்றை வரி. மெஷின் அனுப்பியது என்பதால் என் மெயில் ஆப் அதைக் கூரியர் தகவல், ரீசார்ஜ் ரசீதுகளோடு ஒரு மூலையில் தள்ளிவிட்டது. போன் சத்தமே போடவில்லை. "தள்ளுபடி இன்று இரவு வரை" மட்டும் முதல் வரிசையில் வந்து பல்லிளிக்கிறது! பில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. தனியாளாகப் பக்க வடிவமைப்பு செய்து பிழைக்கிறவன் அதுவரை வாடகைக்கு எங்கே போவான்?

இதைப் புலம்பினால் உடனே ஒருவர் "ஆப்பை மாத்திப் பாருங்க" என்பார். மாற்றி என்ன ஆகும்? கூகுளே 2014-இல் 'இன்பாக்ஸ்' என்று ஒரு ஆப் விட்டது. ரசீதெல்லாம் ஒரு கட்டு, பயணமெல்லாம் ஒரு கட்டு என்று அழகாகக் கட்டித் தரும். பழகி முடித்தவர்களிடமிருந்து 2019 ஏப்ரலில் பிடுங்கிக்கொண்டார்கள். ஹே என்ற சேவையில் புது ஆள் மெயில் அனுப்பினால், நாம் சரி சொன்ன பிறகுதான் உள்ளே வரும். நல்ல யோசனைதான், ஆனால் வருடத்துக்கு 99 டாலர். அதைக் கட்ட இன்னொரு பில் எழுத வேண்டும்.

இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் பயம். செய்திமடல்களிலிருந்து விலக்கித் தருகிறேன் என்று வந்த 'அன்ரோல்.மீ', பயனர்களின் இன்பாக்ஸில் கிடந்த ரசீதுகளிலிருந்து தகவல் எடுத்து, பெயரை நீக்கி விற்று வந்தது 2017-இல் அம்பலமானது. நம் இன்பாக்ஸில் கிளையன்ட் ஒப்பந்தமும் வங்கி விவரமும் கிடக்கின்றன. அதன் சாவியை யாரோ ஒருவனிடம் நீட்டுவதா?

சரி, கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் மெயில் மென்பொருளான தண்டர்பேர்ட்? காசு கேட்காது, கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும், வருகிற மெயிலை நாம் சொன்னபடி தானே பிரித்துவைக்கும் ஃபில்டரும் உண்டு. ஆனால் அந்த ஃபில்டர் ஓட நம் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் திறந்திருக்க வேண்டும். இரவில் மூடிவிட்டுப் படுத்தால், காலையில் போனில் பார்ப்பது பிரிக்கப்படாத அதே குவியல்தான். எந்த ஆப்பை ஒப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிரிக்கிற வேலை மெயில் சர்வரிலேயே நடக்கிறதா, இல்லை அந்த ஆப்புக்குள் மட்டுமா? ஆப்புக்குள் மட்டும் என்றால், ஆப்பை மாற்றும் அன்றே எல்லாம் பழையபடி கலைந்துவிடும்.

ஜிமெயில் ஃபில்டர் சர்வரில் நடப்பது. தேடல் பெட்டியில் நமக்கு வேண்டிய முகவரிகளைப் போட்டு இப்படி ஒன்று அடித்து, அதையே ஃபில்டராக்கலாம்:

```
from:(@example.com OR noreply@example.net)
```

பிறகு "Never send it to Spam" என்பதை டிக் செய்து, "Categorize as" என்ற இடத்தில் Primary கொடுக்க வேண்டும். அந்த மெயில் மூலைக்குப் போகாது. இவ்வளவுதான் மருந்து! ஆனால் இதை ஜிமெயிலின் போன் ஆப்பில் செய்ய முடியாது. ஃபில்டர் உருவாக்க வசதியே அங்கே கிடையாது. கம்ப்யூட்டர் பிரவுசரைத் திறக்க வேண்டும். பாதி வேலையைப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனிலேயே முடிக்கிறோம். கலர் கலராக ஐகான் மாற்ற நேரம் இருக்கிறது, இதை வைக்க மட்டும் நேரம் இல்லையா?

பழைய குப்பையை அள்ளுவதிலும் ஒரு வம்பு. `category:promotions older_than:1y` என்று தேடி மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால், அந்தப் பக்கத்தில் தெரிகிற மெயில்கள் மட்டும்தான் தேர்வாகும். சாதாரணமாக அது 50. அப்போது மேலே சின்ன எழுத்தில் "Select all conversations that match this search" என்று ஒரு வரி வரும். அதைத் தொட்டால்தான் மொத்தமும். இது தெரியாமல் ஐம்பது ஐம்பதாக அழித்துக் கை ஓய்ந்தவர்கள் எத்தனை பேரோ.

இந்த ஒரு விஷயத்தில் அவுட்லுக்கைப் பாராட்டத்தான் வேண்டும். அதன் இணையப் பதிப்பில் "Sweep" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருவர் அனுப்பியதில் கடைசி மெயிலை மட்டும் வைத்துக்கொள், அல்லது பத்து நாளுக்கு மேலானதை அழித்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டால் போதும். கடை விளம்பரங்களுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை.

ஆனால் இப்படி ஃபில்டர் போட அனுப்புகிறவரின் முகவரி தெரிய வேண்டுமே! வேலை தருகிறவர் ஒரு டொமைனிலிருந்து, அதாவது @-க்குப் பின்னால் ஒரு பெயரோடு, எழுதுவார். பில் பார்க்கும் மென்பொருள் சம்பந்தமே இல்லாத வேறொரு டொமைனிலிருந்து அனுப்பும். கிளையன்டின் டொமைனை மட்டும் போட்டால் பில் மெயில் மறுபடியும் மூலைக்குத்தான். அதனால் இப்போது புது வேலை ஒப்புக்கொள்ளும்போதே, "பில் சம்பந்தமான மெயில் எந்த முகவரியிலிருந்து வரும்?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. "வந்தா பார்த்துக்கோங்க சார்" என்கிறார்கள்.