மேல்வீட்டு மாயா

(ஜெர்மனியின் லைப்சிக் நகரம். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் மதி, கையில் பாத்திரம். மதுரையில் அம்மாச்சி. வீடியோ அழைப்பில் அவருடைய நெற்றி மட்டும் தெரிகிறது.)

மதி: அம்மாச்சி, தயிர் உறையவே இல்லை. ராத்திரி வைத்த பால், காலையிலும் பாலாகவே இருக்கிறது.

அம்மாச்சி: பாலைக் காய்ச்சினாயா?

மதி: ஒரு லிட்டர். பொங்கப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, கடையில் வாங்கிய யோகர்ட்டில் ஒரு கரண்டி கலந்தேன்.

அம்மாச்சி: எவ்வளவு ஆறவைத்தாய்?

மதி: நன்றாக. ஜில்லென்று.

அம்மாச்சி: ஏன்டி, தயிருக்கா வைத்தாய், ஐஸ்கிரீமுக்கா? விரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் பத்து எண்ணும் வரை விரலை எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் பதம்.

மதி: நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு டிகிரி என்கிறார்கள்.

அம்மாச்சி: என் விரலில் நம்பர் எழுதவில்லை. உறை ஊற்றிய தயிர் டப்பாவைக் காட்டு. என்ன எழுதியிருக்கிறது?

மதி: 'வேர்மெபெஹான்டெல்ட்'.

அம்மாச்சி: வேர்க்கடலையா?

மதி: இல்லை, சூடுபடுத்தியது என்று அர்த்தம். நிறைய நாள் கெடாமல் இருப்பதற்காக, தயிரான பிறகு மறுபடி சூடுபடுத்துவார்களாம்.

அம்மாச்சி: அப்படியென்றால் அதில் இருந்த பூச்சியெல்லாம் போயிருக்குமே! செத்தவனைக் கூப்பிட்டு நாற்று நடச் சொன்னால் நடுவானா? உயிருள்ள தயிராகப் பார்த்து வாங்கு.

(அடுத்த ஞாயிறு.)

மதி: அம்மாச்சி, உறைந்துவிட்டது! ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, அந்தக் கதகதப்பில் எட்டு மணி நேரம் வைத்தேன். பாத்திரத்தைச் சாய்த்தால்கூட ஆடவில்லை.

அம்மாச்சி: அடுப்பைப் போடாமல் விளக்கை மட்டுமா? என் பேத்தி இல்லையா பின்னே. ருசி எப்படி?

மதி: அதுதான் பிரச்சினை. மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாலும் பாயசம் மாதிரி இருக்கிறது. புளிப்பே இல்லை.

அம்மாச்சி: டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

மதி: 'யோகுர்ட் மில்ட்'. மில்ட் என்றால் மென்மையானது. பிறகுதான் படித்துப் பார்த்தேன். சாதாரண யோகர்ட்டில் பல்காரிக்கஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கும், நன்றாகப் புளிக்க வைக்கும். இதில் அதற்குப் பதிலாகப் புளிப்பு குறைவாக உண்டாக்கும் வேறொரு வகையைப் போடுகிறார்கள். இங்கே அலமாரி முழுக்க இதுதான் இருக்கிறது.

அம்மாச்சி: ஆக, சாதுவான பூச்சி. அதற்கும் இரண்டு மணி நேரம் கூடக் கொடுத்துப் பார். வெளியில் வைத்தால் எல்லோரும் கொஞ்சம் புளிப்பார்கள். உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்தாயா?

மதி: கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். அறைத்தோழி அதில் செர்ரி ஜாம் போட்டுச் சாப்பிட்டுவிட்டாள்.

அம்மாச்சி: உறை மோரையா! அவள் நல்லா இருப்பாளா?

மதி: நல்லாத்தான் இருக்கிறாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

(மறுநாள் மாலை. மதியின் கையில் துணி சுற்றிய பெரிய பாத்திரம்.)

மதி: அம்மாச்சி, மேல்வீட்டில் ஒரு துருக்கிப் பாட்டி இருக்கிறார். நான் தயிருக்கு அலைகிறேன் என்று தெரிந்ததும், வீட்டில் உறையவைத்த தயிரில் ஒரு கரண்டி கொடுத்தார். "மாயா, மாயா" என்றார்.

அம்மாச்சி: மாயா யார், அவர் பேத்தியா?

மதி: உறை மோருக்குத் துருக்கியில் அதுதான் பெயராம். யோகர்ட் என்ற சொல்லே அவர்களுடையதுதான்.

அம்மாச்சி: அப்படியா? வேறு என்ன சொன்னார்?

மதி: ஒன்றும் சொல்லவில்லை, செய்து காட்டினார். பாலில் சுண்டுவிரலை விட்டார். எண்ணிக்கொண்டே இருந்தார். அப்புறம் உறையைக் கலந்து, மூடி, கம்பளியால் சுற்றி, குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி மூலையில் வைத்தார். ஆட்டாதே, திறந்து பார்க்காதே என்று கையாலேயே சொன்னார்.

அம்மாச்சி: எந்த விரல் என்றாய்?

மதி: சுண்டுவிரல்.

அம்மாச்சி: (யோசித்து) நான் ஆள்காட்டி விரல்தான் விடுவேன். சரி, அவர்கள் ஊர் வழக்கம். உறைந்ததா?

மதி: புளிக்கிறது அம்மாச்சி! வாயெல்லாம் கூசுகிறது. தயிர்சாதத்தில் உப்புப் போட்டதும் எனக்கு நம் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாச்சி: அழாதே, தயிரில் உப்பு கூடிவிடும். மாயாவை எங்கே வைத்திருக்கிறாய்?

மதி: ஃபிரிட்ஜில், மூடி போட்ட டப்பாவில். மேலே ஜெர்மன் மொழியில் 'மிளகாய்ப்பொடி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.